பதினொரு முற்று, ஒரே ஒரு புள்ளி

அரசு அலுவலகத்துக்கு மனு எழுதுபவர், சங்கத்தின் ஆண்டறிக்கையைத் தயாரிப்பவர், வங்கி மேலாளருக்குக் கடிதம் எழுதுபவர் என எல்லோரிடமும் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். சொல்ல வேண்டியது நிறைய இருக்கும்போது வாக்கியத்தை முடிக்க மனம் வருவதில்லை. ஒரு செய்தி முடிந்த இடத்தில் ஒரு கமா விழுகிறது. அடுத்த செய்தி தொடங்குகிறது. அதுவும் முடிந்ததும் இன்னொரு கமா. பத்தி முடியும் இடத்தில்தான் முற்றுப்புள்ளி தலைகாட்டுகிறது. படிப்பவர் நடுவில் எங்கோ பிடியை விட்டுவிட்டு, மறுபடி மேலே போய்ப் படிக்கிறார்.

இப்படி எழுதப்பட்ட ஒரு மாதிரி மனு இது. பொதுப்பணியில் இருக்கும் எந்த அதிகாரியின் மேசையிலும் இதே வார்ப்பில் பல இருக்கும்.

“எங்கள் ஊர்ப் பெரிய ஏரியின் வடக்கு மதகு ஐப்பசி மழையில் சேதமடைந்தது, ஷட்டரை இறக்க முடியவில்லை, தண்ணீர் இரவும் பகலும் ஓடி ஓடையில் கலக்கிறது, ஏரியின் மட்டம் தெற்கு மதகின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டது, கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை, சுமார் 40 ஏக்கர் நெற்பயிர் காய்ந்து வருகிறது, இரண்டு முறை மனு கொடுத்துள்ளோம், பொறியாளர் வந்து பார்த்து உடனே வேலை தொடங்கும் என்று சொன்னார், இன்றுவரை தொடங்கவில்லை, புதிய ஷட்டர் பலகை, திருகுத் தண்டு, சுவருக்குச் சிமென்ட் பூச்சு ஆகியவை தேவை, தை பிறப்பதற்குள் மதகைச் சீரமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இதில் பொய் இல்லை, மிகை இல்லை, எழுத்துப்பிழையும் இல்லை. ஆனாலும் முதல் வாசிப்பில் அதிகாரிக்கு எது மனதில் நிற்கும் என்று சொல்ல முடியாது. மதகா, பயிரா, வராத வேலையா, கேட்கும் பொருளா? எல்லாம் ஒரே குரலில், ஒரே உயரத்தில் வருகின்றன. இந்த வாக்கியத்தை உடைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. எங்கே உடைப்பது, உடைத்த இடத்தில் கமா போடுவதா, அரைப்புள்ளியா, கோடா, முற்றுப்புள்ளியா என்பதுதான் சிக்கல்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு விடை சொல்லித் தரப்பட்டது. கமாவுக்கு ஒரு மாத்திரை நேரம் நிறுத்த வேண்டும், அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. மேடையில் நின்று வாய்விட்டுப் படிக்கும் மாணவனுக்கு இந்தக் கணக்கு உதவும். எழுதுகிறவருக்கு இது தீங்கு செய்கிறது. மூச்சு வாங்கும் இடமெல்லாம் கமா இடும் இடம் என்ற எண்ணத்தை இதுதான் விதைத்தது. மேலே உள்ள மனுவை வாய்விட்டுப் படித்தால் ஒவ்வொரு கமாவும் சரியான மூச்சில்தான் விழுந்திருக்கிறது. குறை மூச்சில் இல்லை, வாக்கியத்தின் கட்டில் இருக்கிறது.

கட்டைப் பார்க்க எளிய வழி உண்டு. பென்சிலை எடுத்துக்கொண்டு வினைமுற்றுகளை மட்டும் வட்டமிட வேண்டும். தமிழில் பயனிலை பெரும்பாலும் கடைசியில் வருகிறது. முற்று வந்துவிட்டால் வாக்கியம் முடிந்துவிட்டது என்று காது அறிந்துகொள்கிறது. புள்ளி வைக்காவிட்டாலும் அது முடிந்ததுதான். ஓலைச்சுவடியில் எழுதிய பழைய உரையாசிரியர்கள் கமாவும் முற்றுப்புள்ளியும் இல்லாமலே நூற்றாண்டுகள் எழுதினார்கள். என்க, என்பதாம், என்றவாறு என்று ஒரு சொல்லை முடிவில் நிறுத்தினால் போதும். படிப்பவர் அங்கே நின்றுகொண்டார். மொழியே முடிவைக் காட்டிக்கொண்டிருந்தது. அச்சு வந்த பிறகுதான் மேலை நாட்டுக் குறிகள் தமிழ் உரைநடைக்குள் நுழைந்தன. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் அவற்றை ஒழுங்காகக் கையாண்டு நிலைபெறச் செய்தார். அவர் கையில் அந்தக் குறிகள், மொழி ஏற்கெனவே காட்டிக்கொண்டிருந்த எல்லைகளைக் கண்ணுக்கும் காட்டும் கருவிகளாயின.

மனுவில் வட்டமிட்டுப் பார்ப்போம். சேதமடைந்தது, முடியவில்லை, கலக்கிறது, இறங்கிவிட்டது, எட்டவில்லை, காய்ந்து வருகிறது, கொடுத்துள்ளோம், சொன்னார், தொடங்கவில்லை, தேவை, கேட்டுக்கொள்கிறோம். மொத்தம் 11. அதாவது 11 முறை முடிந்துபோன வாக்கியத்துக்கு ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

எண்ணும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ‘வேலை தொடங்கும் என்று சொன்னார்’ என்பதில் ‘தொடங்கும்’ முற்றுப்போலத் தெரிந்தாலும் அது வாக்கியத்தை முடிக்கவில்லை. பின்னால் வரும் ‘என்று’ அதைத் தூக்கி ‘சொன்னார்’ என்பதன் மடியில் வைத்துவிடுகிறது. எனவே அதை எண்ணக்கூடாது. அதற்கும் ‘என்று’வுக்கும் நடுவில் கமா இடவும் கூடாது. இதற்கு நேர்மாறானது ‘தேவை’. அது வினையே இல்லை, பெயர். ஆனால் பயனிலையாக நின்று வாக்கியத்தை முடித்துவிடுகிறது. வினைகளை மட்டும் தேடுபவர் இதைத் தவறவிடுவார்.

இப்போது ஒவ்வொரு முற்றிலும் நின்று ஒரு கேள்வி கேட்கலாம். இந்தச் செய்தி தன் காலில் நிற்க வேண்டியதா, அடுத்ததற்குத் தோள் கொடுக்க வேண்டியதா?

தோள் கொடுப்பதுதான் அதன் வேலை என்றால், முற்றை எச்சமாக மாற்ற வேண்டும். கமாவுக்கு இடம் அப்போதுதான் பிறக்கிறது. ‘மதகு சேதமடைந்தது, ஷட்டரை இறக்க முடியவில்லை’ என்பதில் கமா எதையும் ஒட்டவில்லை. இரண்டு முழு வாக்கியங்கள் அருகருகே கிடக்கின்றன; ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன உறவு என்று படிப்பவரே ஊகிக்க வேண்டும். ‘மதகு சேதமடைந்ததால், ஷட்டரை இறக்க முடியவில்லை’ என்று எழுதினால் உறவு சொல்லிலேயே வந்துவிடுகிறது. கமா இங்கே காரணம் முடிந்து விளைவு தொடங்குவதைக் காட்டுகிறது, அவ்வளவே. ஒட்டும் வேலையை ‘ஆல்’ செய்கிறது. இந்த வாக்கியத்தில் கமாவை எடுத்துவிட்டாலும் பொருள் கெடாது. முன்னதில் எடுத்தாலும் வைத்தாலும் குறை தீராது. ஆகவே தமிழில் இத்தகைய வாக்கியத்தைச் செப்பனிடும்போது முதலில் மாற வேண்டியது வினையின் வடிவம். குறியைப் பற்றிய முடிவு அதற்குப் பின்னால் வருகிறது.

எந்த எச்சம் என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அவசரத்தில் பலர் ‘மதகு சேதமடைந்து, ஷட்டரை இறக்க முடியவில்லை’ என்று எழுதுவார்கள். ‘செய்து’ என்னும் வாய்பாட்டில் வரும் எச்சம், பின்னால் வரும் முற்றின் எழுவாயையே தன் எழுவாயாகக் கொள்ளும் என்பது நன்னூல் முதலான இலக்கணங்களின் பொது விதி. ‘பொறியாளர் வந்து பார்த்தார்’ என்பதில் வந்தவரும் பார்த்தவரும் ஒருவரே. சேதமடைந்தது மதகு, இறக்க முடியாமல் நிற்பவர்கள் ஊர்க்காரர்கள். எழுவாய் மாறும்போது சேதமடைந்ததால், சேதமடைந்தபின், சேதமடையவே என்று வேறு வடிவத்துக்குப் போவது நல்லது. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ போன்ற வழக்குகளைத் தமிழ் என்றைக்கும் ஏற்றிருக்கிறது. அங்கே காரணமும் விளைவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால் யாரும் தடுமாறுவதில்லை. மனுவில் அந்தச் சலுகையை நம்பி இறங்குவது வீண்.

எச்சத்தின் பின் வரும் கமா அலங்காரம் அல்ல என்பதற்கு ஓர் இடத்தை நெருங்கிப் பார்க்கலாம்.

“விவசாயிகள் மதகைப் பார்வையிட்டுப் புறப்பட்ட அதிகாரியிடம் மனு கொடுத்தனர்.”

“விவசாயிகள் மதகைப் பார்வையிட்டு, புறப்பட்ட அதிகாரியிடம் மனு கொடுத்தனர்.”

முதல் வாக்கியத்தில் மதகைப் பார்த்தவர் அதிகாரி. இரண்டாவதில் பார்த்தவர்கள் விவசாயிகள். நாளைக்கு ‘அதிகாரி இடத்தைப் பார்வையிட்டாரா?’ என்ற கேள்வி எழுந்தால், பதில் இந்த ஒரு கமாவில் இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்கலாம். முதல் வாக்கியத்தில் ‘பார்வையிட்டு’ என்பதற்கும் ‘புறப்பட்ட’ என்பதற்கும் நடுவே ‘ப்’ மிகுந்தது. கமா வந்ததும் அந்த ஒற்று போய்விட்டது. இரண்டு சொற்களும் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் வல்லினம் மிகும். நடுவில் நிறுத்தம் விழுந்தால் மிகாது. செப்பனிடுபவர்கள் கமாவை நுழைத்துவிட்டு ஒற்றை அப்படியே விட்டுவிடுவது அச்சில் அடிக்கடி காணும் பிழை. ‘பார்வையிட்டுப், புறப்பட்ட’ என்று இருந்தால் அந்தக் கமா பிறகு செருகப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அப்படியானால் முற்றுகளுக்கு நடுவே கமா வரவே கூடாதா? வரலாம், ஒரு வரம்புக்குள். ‘வந்தார், பார்த்தார், போனார்’ என்று எழுதினால் எந்தத் தமிழ்க் காதும் முகம் சுளிக்காது. எழுவாய் ஒருவரே, செயல்கள் குறுகியவை, அடுத்தடுத்து நடந்தவை. முற்றுவினை எச்சப் பொருளில் நின்று இன்னொரு முற்றோடு முடிவதைப் பழைய இலக்கணம் முற்றெச்சம் என்று பெயரிட்டே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ‘கண்டனன் வணங்கினான்’ என்றால் கண்டு வணங்கினான் என்று பொருள். இன்றைய கமா வரிசையும் அந்த மரபுக்கு அயலானது அல்ல. ஆனால் மனுவின் 11 முற்றுகளில் எழுவாய் மதகு, தண்ணீர், மட்டம், பயிர், மனுதாரர், பொறியாளர் என்று மாறிக்கொண்டே போகிறது. எழுவாய் மாறும் இடத்தில் இந்த உரிமை செல்லாது.

இனி முற்றுப்புள்ளி. நான்கில் இதுதான் ஆபத்து குறைந்தது, இதைத்தான் பலரும் கடைசியில் நினைக்கிறார்கள். செய்தியின் தடம் மாறும் இடத்தில் முற்றுப்புள்ளிக்கு மாற்று கிடையாது. மனுவில் அப்படி மாறும் இடங்கள் மூன்று. ‘காய்ந்து வருகிறது’ என்பதோடு பாதிப்பின் கதை முடிகிறது. ‘இன்றுவரை தொடங்கவில்லை’ என்பதோடு இதுவரை எடுத்த முயற்சியின் கதை முடிகிறது. ‘தேவை’ என்பதோடு பழுதுபார்க்க வேண்டியவை முடிந்து, வேண்டுகோள் தொடங்குகிறது. வேறு எதையும் மாற்றாமல் இந்த மூன்று கமாக்களை மட்டும் முற்றுப்புள்ளியாக்கினாலே மனு பாதி தெளிந்துவிடும். நேரமில்லாத எழுத்தர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லா முற்றிலும் முற்றுப்புள்ளி வைத்தால் என்ன? இலக்கணம் தடுக்காது. ‘மதகு சேதமடைந்தது. ஷட்டரை இறக்க முடியவில்லை. தண்ணீர் ஓடையில் கலக்கிறது. மட்டம் இறங்கிவிட்டது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை.’ தந்தியில் ஒரு காலத்தில் இப்படிச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒன்றால் ஒன்று நேர்ந்தது என்பது மறைந்துவிட்டது. மனுவின் வலிமையே அந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. மதகு பழுதானதால்தான் வேறொரு மதகை நம்பியிருக்கும் வயல் காய்கிறது என்பதை அதிகாரி ஒரே ஓட்டத்தில் காண வேண்டும். கமாக்களால் ஆன நீள்வாக்கியம் உறவுகளைச் சொல்லாமல் ஒட்டிவைத்தது. வெறும் முற்றுப்புள்ளிகள் சொல்லாமல் வெட்டிவைக்கின்றன. இரண்டிலும் விடுபட்டது ஒன்றே.

இந்த இரண்டுக்கும் நடுவில் வருவது அரைப்புள்ளி. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து அச்சகத்தார் ஆல்டஸ் மனூட்டியஸ் பதிப்பித்த நூல்களில் இது முதலில் இன்றைய வடிவத்தில் தோன்றியது. தமிழில் இன்று இதைக் கண்டால் பலர் ஒதுங்கிப்போகிறார்கள், நாளிதழ்களில் அபூர்வமாகிவிட்டது. இது இழப்புதான். ஏனெனில் அரைப்புள்ளி ஒரு வேலையை மிக நன்றாகச் செய்கிறது. இருபுறமும் முழு வாக்கியங்கள் நிற்கின்றன, ஆனால் ஒன்றைப் படித்தவர் மற்றதைப் படிக்காமல் போகக்கூடாது என்று அது பிடித்துவைக்கிறது. ‘உடனே வேலை தொடங்கும் என்று சொன்னார்; இன்றுவரை தொடங்கவில்லை.’ இதில் ‘ஆனால்’ தேவைப்படவில்லை. வாக்கும் நடப்பும் எதிரெதிராக நிற்கின்றன, எதிர்மறையைப் படிப்பவரே உணர்கிறார். முற்றுப்புள்ளி வைத்திருந்தால் இரண்டு தனித் தகவல்கள் ஆகியிருக்கும். ‘தொடங்கும் என்று சொல்லியும் தொடங்கவில்லை’ என்று எச்சமாக்கினால் குற்றச்சாட்டின் சாயல் ஏறும். மனு கொடுப்பவர் அந்தப் பொறியாளரோடு நாளையும் பேச வேண்டியவர். அவருக்கு அரைப்புள்ளியின் நிதானம் பொருத்தம்.

ஆனால், எனவே, இருப்பினும், ஏனெனில், மேலும் போன்ற இணைப்புச் சொற்கள் தொடங்கும் இடத்திலும் அரைப்புள்ளி இயல்பாகப் பொருந்தும். ‘இரண்டு முறை மனு கொடுத்தோம், ஆனால் பதில் வரவில்லை’ என்று கமாவோடு எழுதுவது பேச்சுநடையில் பரவிவிட்டது. முறையான எழுத்தில் ‘கொடுத்தோம்; ஆனால்’ என்றோ, ‘கொடுத்தோம். ஆனால்’ என்றோ எழுதுவது தெளிவு. இரண்டில் எது என்பதற்கு நீளத்தைப் பார்க்கலாம். ‘ஆனால்’ தொடங்கும் பகுதி மூன்று நான்கு சொற்களில் முடிந்தால் அரைப்புள்ளி. அதற்கு ஒரு வரியோ இரண்டு வரியோ வேண்டும் என்றால் முற்றுப்புள்ளி.

அரைப்புள்ளிக்கு இன்னொரு பணியும் உண்டு. உள்ளுக்குள் ஏற்கெனவே கமாக்கள் இருக்கும் பெரிய பகுதிகளைப் பிரிக்க அது வேண்டும். 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட இந்திய அரசமைப்பின் முகப்புரை ஆங்கில மூலத்தில் ஒரே வாக்கியம். நீதிக்கு மூன்று வகை, சுதந்திரத்துக்கு ஐந்து வகை என்று அதில் வரிசை வருகிறது. வகைகளுக்கு இடையே கமா இருக்கிறது. நீதி முடிந்து சுதந்திரம் தொடங்கும் இடத்தில் அரைப்புள்ளி இருக்கிறது. எல்லாம் கமாவாக இருந்திருந்தால் எது எதன் வகை என்று படிப்பவர் விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கும். வாக்கியம் நீளமாக இருப்பதே பிழை என்று எண்ணுபவர்கள் இதைப் பார்க்கலாம். அங்கே நடுவில் எங்கும் வாக்கியம் முடிந்துபோகவில்லை. ‘மக்களாகிய நாங்கள்’ என்று தொடங்கும் எழுவாய், கடைசியில் வரும் பயனிலை வரை பிடி தளராமல் போகிறது. சிக்கலுக்குக் காரணம் நீளம் அல்ல, முடிந்த பிறகும் முடியாததுபோல ஓடுவதுதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

இடைக்கோட்டுக்கு வரும்போது தமிழ் தன் குணத்தைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் நடுவே ஒரு பக்கக்குறிப்பைச் செருகி இருபுறமும் கோடிடுவது வழக்கம். அதைப் பார்த்துத் தமிழில் செய்தால் சங்கடம் வருகிறது. ‘வடக்கு மதகு – அது 1960களில் கட்டப்பட்டது, பிறகு ஒருமுறைதான் பழுதுபார்க்கப்பட்டது – ஐப்பசி மழையில் சேதமடைந்தது’ என்று எழுதிப் பார்க்கலாம். கோடுகளுக்கு நடுவில் இரண்டு முற்றுகள் வந்துவிட்டன. எழுவாயைக் கையில் வைத்துக்கொண்டு பயனிலைக்காகக் காத்திருக்கும் வாசகர், வேறு இரண்டு பயனிலைகளைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. தமிழுக்கு இந்தச் செருகல் தேவையும் இல்லை. பெயரெச்சம் இருக்கிறதே. ‘1960களில் கட்டப்பட்டு, பிறகு ஒருமுறை மட்டுமே பழுதுபார்க்கப்பட்ட வடக்கு மதகு ஐப்பசி மழையில் சேதமடைந்தது’ என்றால் குறிப்பு எழுவாய்க்கு முன்னாலேயே அமர்ந்துவிடுகிறது.

கோடு தமிழில் உண்மையாகவே உதவும் இடம் வேறு. பலவற்றைச் சொல்லிவிட்டு அவற்றை ஒரு சொல்லால் அள்ளித் தரும் இடம் அது. ‘புதிய ஷட்டர் பலகை, திருகுத் தண்டு, சுவருக்குச் சிமென்ட் பூச்சு – இந்த மூன்றும் கிடைத்தால் மதகு மீண்டும் இயங்கும்.’ கோட்டுக்கு முன்னால் முற்று எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வரிசை முடிந்தது, இனி அதைப் பற்றிய கூற்று வருகிறது என்று கோடு கைகாட்டுகிறது. மாறாக, எண்ணிக்கையை முதலில் சொல்லிப் பொருள்களைப் பிறகு அடுக்குவதானால் கோடு வேண்டாம், முக்காற்புள்ளி போதும்: ‘மூன்று பணிகள் தேவை:’ என்று தொடங்கலாம். ஒரு பக்கத்தில் ஒரு கோட்டுக்கு மேல் வந்தால் எழுத்து பதறுவதுபோலத் தோன்றும். முறையான கடிதத்தில் அது எழுதுபவருக்கு நன்மை செய்யாது.

தட்டச்சில் ஒரு சிறு எச்சரிக்கை. சொற்களை இணைக்கும் குறுங்கோடும் வாக்கியத்தில் வரும் இடைக்கோடும் ஒன்றல்ல. விசைப்பலகையில் நேரடியாகக் கிடைப்பது குறுங்கோடு. அதை இடைவெளியின்றி இட்டால் ‘பூச்சு-இந்த’ என்று ஒட்டுச்சொல்போல ஆகிவிடும். நீண்ட கோட்டை விண்டோஸில் Alt+0150 அல்லது Alt+0151 கொண்டு பெறலாம். தமிழில் அதன் இருபுறமும் ஓர் இடைவெளி விடுவது கண்ணுக்கு இதம்.

இவ்வளவும் பார்த்த பிறகு மனுவை மறுபடி எழுதலாம். முதலில் எச்சமாக்கத் தக்கவற்றை எச்சமாக்கிப் பார்த்தால் ஓர் இடையூறு தெரிகிறது. சேதமடைந்ததால், கலப்பதால், எட்டாததால் என்று மூன்று ‘ஆல்’ வரிசையாக வந்து நிற்கின்றன. இலக்கணப்படி ஒவ்வொன்றும் சரி. சேர்ந்து ஒலிக்கும்போது சலிப்பு. நடுவில் இருப்பதை விடுவித்து முற்றாகவே வைத்து அரைப்புள்ளி இட்டால் சலிப்பும் நீங்குகிறது. தண்ணீர் வீணாவது எளிதில் கண்ணுக்குத் தெரியும் செய்தி. அது தன் காலில் நிற்கத் தகுதியானதுதான்.

“எங்கள் ஊர்ப் பெரிய ஏரியின் வடக்கு மதகு ஐப்பசி மழையில் சேதமடைந்ததால், ஷட்டரை இறக்க முடியவில்லை. தண்ணீர் இரவும் பகலும் ஓடி ஓடையில் கலக்கிறது; ஏரியின் மட்டம் தெற்கு மதகின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததால், சுமார் 40 ஏக்கர் நெற்பயிர் காய்ந்து வருகிறது.

இது குறித்து இரண்டு முறை மனு கொடுத்துள்ளோம். பொறியாளர் வந்து பார்த்து, உடனே வேலை தொடங்கும் என்று சொன்னார்; இன்றுவரை தொடங்கவில்லை.

புதிய ஷட்டர் பலகை, திருகுத் தண்டு, சுவருக்குச் சிமென்ட் பூச்சு – இந்த மூன்றும் கிடைத்தால் மதகு மீண்டும் இயங்கும். தை பிறப்பதற்குள் இதைச் சீரமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

சொற்கள் ஏறக்குறைய அவையே. 11 முற்றுகளில் இரண்டு எச்சமாயின. ‘தேவை’ இருந்த இடத்தில் ‘இயங்கும்’ வந்தது. இப்போது முற்றுகள் ஒன்பது, முற்றுப்புள்ளிகள் ஏழு. எஞ்சிய இரண்டு முற்றுகளின் பின்னால் அரைப்புள்ளி நிற்கிறது. தடம் மாறும் இடங்களில் பத்தியும் பிரிந்திருக்கிறது. அதிகாரி முதல் பத்தியைப் படித்து நிலைமையை அறிந்துகொள்ளலாம். கோப்பில் குறிப்பு எழுதும் எழுத்தர் மூன்றாம் பத்தியை மட்டும் பார்த்தால் போதும்.

இதில் விவாதத்துக்கு உரிய இடமும் உண்டு. ‘ஓடையில் கலக்கிறது; ஏரியின் மட்டம்’ என்ற அரைப்புள்ளியை ஒரு பதிப்பாசிரியர் வைத்துக்கொள்வார், இன்னொருவர் முற்றுப்புள்ளியாக்குவார். அரைப்புள்ளியை வைப்பவர், தண்ணீர் போனதும் மட்டம் இறங்கியதும் ஒரே நிகழ்வின் இரு முகம் என்பார். மற்றவர், இரண்டு வரி இடைவெளியில் இரண்டு அரைப்புள்ளிகள் வந்தால் பின்னால் வரும் ‘சொன்னார்; தொடங்கவில்லை’ என்பதன் அழுத்தம் குறையும் என்பார். மனுவின் குறி அந்த வராத வேலையில் இருக்கிறது என்றால் இரண்டாமவர் பேச்சைக் கேட்பது நல்லது. மனு இன்னும் புகாராக மாறவில்லை, பயிரைக் காப்பதுதான் அவசரம் என்றால் முதலாமவர் வைத்தபடியே விட்டுவிடலாம்.